நெருஞ்சி முள்ளுக்கு அறுபது வெள்ளி

வணக்கம் மேடம். நான் பல்கலைக்கழக விடுதியில் தங்கி இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஐந்து மாதமாக விடுதி ஜிம்முக்குப் போகிறேன். எடை 62 கிலோ. சைவம், முட்டை மட்டும் சாப்பிடுவேன். ஜிம்மில் பிசிஏஏ, குளூட்டமைன், டெஸ்டோஸ்டிரோன் பூஸ்டர், கிரியேட்டின் நான்கையும் வாங்கச் சொல்கிறார்கள். மாதம் 50 வெள்ளிக்கு மேல் என்னால் முடியாது. ஊரில் அம்மா, கிரியேட்டின் என்றாலே கிட்னி போய்விடும் என்று பயப்படுகிறார். எதை வாங்கலாம், எதை விடலாம்?
— விடுதி மாணவர், கிளமெண்டி, சிங்கப்பூர்

தம்பிக்கு,

சில மாதங்களுக்கு முன் இரண்டு நண்பர்கள் என் அறையில் உட்கார்ந்து இதே விஷயத்தை ஒருவரையொருவர் கேட்டுப் பேசித் தீர்த்தார்கள். நான் உணவியல் நிபுணர் என்ற பேர்தான், அன்றைக்குப் பாதி நேரம் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். எழுதிக்கொள்ளலாமா என்று கேட்டதற்கு, பெயர் மட்டும் வேண்டாம் என்றார்கள். ஒரே விடுதியில் ஒருவர் நாலாம் மாடி, மற்றவர் ஏழாம் மாடி. அப்படியே வைத்துக்கொள்வோம். நாலாம் மாடிக்காரர் இங்கேயே பிறந்து வளர்ந்தவர், தேசிய சேவையை முடித்துவிட்டுப் படிக்க வந்தவர், வயது 23. ஏழாம் மாடிக்காரர் புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து முதுகலை படிக்க வந்தவர், உங்களைப் போலவே சைவம்.

நாலாம் மாடிக்காரர் வந்தது ஒரு ரத்தப் பரிசோதனைத் தாளோடு. அதற்கு அப்புறம் வருகிறேன். தாளோடு ஒரு துணிப்பையும் கொண்டுவந்திருந்தார். உள்ளே நான்கு டப்பாக்கள். மேசையில் வரிசையாக வைத்ததும் ஏழாம் மாடிக்காரர்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"இதைத்தானே மச்சான் என்னையும் வாங்கச் சொன்னே?"

"சொன்னேன். இப்ப சொல்ல மாட்டேன். மூணு வேஸ்ட்டு. இது ஒண்ணுதான் வச்சிருக்கேன்." எந்த அலங்காரமும் இல்லாத வெள்ளை டப்பாவைத் தட்டிக் காட்டினார். கிரியேட்டின் மோனோஹைட்ரேட், 500 கிராம்.

"மொத்தம் எவ்வளவு போச்சு?"

"நாலு மாசத்துல பிசிஏஏ ரெண்டு டப்பா 90, குளூட்டமைன் 40, பூஸ்டர் ரெண்டு பாட்டில் 120. இருநூத்து அம்பது வெள்ளி."

"எங்க அப்பா கிட்ட சொன்னா ரூபாயில பெருக்கிப் பாத்துட்டு மயங்கிடுவாரு."

முதலில் பிசிஏஏ. பெரும்பாலானவர்களிடம் முதலில் விற்கப்படுவது இதுதான். தண்ணீரில் போட்டால் இளஞ்சிவப்பாக, தர்பூசணி வாசனையோடு இருக்கும். ஜிம்மில் எல்லார் கையிலும் அந்தப் பாட்டில் இருக்கும். குடிக்காவிட்டால் நமக்குத்தான் ஏதோ குறைவது போலத் தோன்றும். லியூசின், ஐசோலியூசின், வாலின் என்ற மூன்று அமினோ அமிலங்களின் தூள் இது.

"லியூசின்தானே தசை வளரச் சொல்லி சிக்னல் கொடுக்குது? படிச்சிருக்கேன்," என்றார் ஏழாம் மாடிக்காரர்.

கொடுக்கிறது, அது பொய்யில்லை. ஆனால் தசை கட்டுவதற்கு உணவிலிருந்தே வர வேண்டிய அமினோ அமிலங்கள் ஒன்பது. ஒன்பது பேர் வடம் பிடித்தால்தான் நகரும் தேருக்கு மூன்று பேர் மட்டும் திரும்பத் திரும்ப வந்து நின்று கூவுகிறார்கள் என்று வையுங்கள். சத்தம் இருக்கும், தேர் நகராது. மீதி ஆறு பேரை உடம்பு எங்கிருந்து கூட்டிவரும்? இருக்கிற தசையைக் கரைத்துத்தான். அதனால் வெறும் பிசிஏஏ குடித்துத் தசை ஏற்றுவது கணக்கிலேயே வராது. சாப்பாட்டில் புரதம் போதுமான அளவு இருப்பவருக்கு அந்த மூன்றும் ஏற்கெனவே அதில் வந்துவிடுகின்றன. நாலாம் மாடிக்காரர் தினமும் ஒரு கரண்டி வே புரோட்டீனும் குடித்துக்கொண்டிருந்தார். அந்த ஒரு கரண்டியிலேயே ஐந்து கிராமுக்கு மேல் பிசிஏஏ இருக்கிறது. அதே பொருளைத் தர்பூசணி வாசனை சேர்த்து இன்னொரு முறை வாங்கியிருக்கிறார்.

"அப்ப தசை வலி குறைஞ்ச மாதிரி இருந்துச்சே?" என்றார் நாலாம் மாடிக்காரர்.

"நீ அந்த மாசம்தான் மச்சான் கால் எக்சர்சைஸ் பழகிட்டு இருந்தே. முதல் ரெண்டு வாரம் படி இறங்க முடியல, அப்புறம் தானா சரியாச்சு. நான் ஒண்ணுமே குடிக்கல, எனக்கும் சரியாச்சு."

இதற்கு மேல் நான் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. புதிதாக எடை தூக்குபவருக்கு வலி முதல் சில வாரங்களில் அதிகமாக இருந்து, உடம்பு பழகியதும் தானே குறையும். அந்த நேரத்தில் எதைக் குடித்தாலும் அதற்குத்தான் பேர் போகும்.

குளூட்டமைன் கதை இன்னும் சுருக்கம். நானும் படித்த காலத்தில் ஒரு டப்பா வாங்கியவள்தான், அதனால் சிரிக்கவில்லை. தீக்காயம் பட்டவர்கள், பெரிய அறுவை சிகிச்சை முடிந்தவர்கள் பற்றிய மருத்துவமனைப் பேச்சிலிருந்து இது ஜிம்முக்கு இறங்கிவந்தது. நல்ல உடம்போடு இருப்பவருக்கு உடம்பே போதுமான அளவு செய்துகொள்கிறது. வாயால் சாப்பிடுவதில் பெரும்பகுதியைக் குடலும் கல்லீரலும் வழியிலேயே எடுத்துக்கொள்கின்றன. 2001இல் கனடாவில் எடைப் பயிற்சி செய்யும் இளைஞர்களுக்கு, கொழுப்பு நீங்கலான உடல் எடையில் கிலோவுக்கு 0.9 கிராம் வீதம் ஆறு வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். மாவுத்தூள் குடித்தவர்களைவிட ஒரு வித்தியாசமும் இல்லை. நாலாம் மாடிக்காரர் உடம்புக்கு அந்தக் கணக்கு நாளைக்கு 50 கிராம் வரும். அவர் குடித்தது 5 கிராம். பத்து மடங்கு கொடுத்தே நடக்காதது ஒரு கரண்டியில் நடக்காது.

மூன்றாவதான பூஸ்டர்தான் சுவாரசியம். கறுப்பு பாட்டில், அதில் சிங்கத்தின் படம். ஏழாம் மாடிக்காரர் பாட்டிலைத் திருப்பிப் பின்னால் இருந்த பொடி எழுத்தைப் படித்தார். டிரிபுலஸ் டெரஸ்ட்ரிஸ் என்று முதல் பெயர். கைபேசியில் தேடிப் படத்தைப் பார்த்தவர், கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

"மச்சான், இது நெருஞ்சி."

"என்ன நெருஞ்சி?"

"நெருஞ்சி முள்ளுடா! எங்க ஊர்ல கொல்லைக்குப் போனா செருப்புல ஏறும். சைக்கிள் டயர் போயிடும். மஞ்சப் பூ பூக்கும். எங்க பாட்டி நீர்க்கடுப்புக்குக் கஷாயம் வைக்கும். இதுக்கா அறுபது வெள்ளி கொடுத்தே?"

நாலாம் மாடிக்காரர் இங்கே வளர்ந்தவர், அவருக்கு நெருஞ்சியைத் தெரியாது. நம் சித்த மருத்துவத்தில் நெருஞ்சில் என்று சிறுநீர்க் கோளாறுகளுக்குத்தான் அதிகம் பேசப்படும் செடி. டெஸ்டோஸ்டிரோனைக் கூட்டும் என்ற பேச்சு விளையாட்டு உலகத்தில் கிளம்பியது. அதைச் சோதித்தும் பார்த்துவிட்டார்கள். ஆஸ்திரேலியாவில் ரக்பி லீக் ஆட்டக்காரர்களுக்கு நாளைக்கு 450 மில்லிகிராம் வீதம் ஐந்து வாரம் கொடுத்த ஆய்வு 2007இல் வெளியானது. டெஸ்டோஸ்டிரோனும் கூடவில்லை, பலமும் வெற்றுமாத்திரை சாப்பிட்டவர்களைவிடக் கூடவில்லை.

பாட்டிலில் இன்னொன்றையும் காட்டினேன். எட்டு மூலிகைகளின் பெயரைப் போட்டு, எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே எடையாக 'சிறப்புக் கலவை, 1,500 மில்லிகிராம்' என்று முடித்திருந்தார்கள். எது எவ்வளவு என்று வாங்குபவருக்குத் தெரியாது. சிங்கப்பூரில் இந்த வகைச் சத்துப்பொருள்கள் விற்பனைக்கு வரும் முன் சுகாதார அறிவியல் ஆணையத்தின் ஒப்புதலைப் பெற வேண்டியதில்லை. பாதுகாப்புக்கு விற்பவர்தான் பொறுப்பு. கடையில் இருக்கிறதே, யாரோ சோதித்திருப்பார்கள் என்று நினைப்பது தவறு. வெளியே சொல்லாமல் மருந்துச் சரக்கு கலந்த பொருள்களைப் பற்றி ஆணையம் அவ்வப்போது எச்சரிக்கை வெளியிடுகிறது. அதனால் பூஸ்டர் விஷயத்தில் வேலை செய்யாத பாட்டிலைவிட வேலை செய்கிற பாட்டிலைக் கண்டால்தான் எனக்குப் பயம். இரண்டே வாரத்தில் உடம்பு முறுக்கேறி, முகத்தில் பரு வெடித்து, கோபம் தலைக்கேறினால் உள்ளே இருப்பது நெருஞ்சியாக இருக்காது. உடனே நிறுத்தி, பாட்டிலையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போக வேண்டும்.

"சரி, இந்த மூணும் வேஸ்ட்டுன்னு நீ எப்படிக் கண்டுபிடிச்சே?" என்று கேட்டார் ஏழாம் மாடிக்காரர்.

"காசு இல்ல மச்சான். ஒவ்வொண்ணா தீர்ந்துச்சு, திருப்பி வாங்கல. நோட்டுல ஒண்ணும் மாறல."

அந்த நோட்டுதான் எனக்குப் பிடித்தது. மூலை மடங்கிய, வியர்வைக் கறை படிந்த பாக்கெட் நோட்டு. பெஞ்ச் பிரஸ் 60 கிலோ. மூன்று சுற்று, நடுவில் இரண்டு நிமிடம் ஓய்வு. பிசிஏஏ, குளூட்டமைன், பூஸ்டர் மூன்றும் ஓடிய மாதக் கடைசியில் 8, 6, 5. மூன்றும் தீர்ந்து ஒரு மாதம் கழித்தும் 8, 6, 5. பிறகு கிரியேட்டின் தொடங்கி நான்காம் வாரம் 8, 8, 7.

இதில் முதல் சுற்றைப் பாருங்கள், மாறவில்லை. மாறியது இரண்டாவதும் மூன்றாவதும். கிரியேட்டின் செய்கிற வேலையின் அடையாளம் பெரும்பாலும் இப்படித்தான் தெரியும். தசைக்கு உடனடிச் செலவுக்கான கைக்காசு ஏடிபி. முழுப் பலத்தோடு தூக்கினால் அது சில வினாடிக்கு மேல் தாங்காது. அப்போது தசைக்குள்ளேயே இருக்கும் கிரியேட்டின் பாஸ்பேட் கைமாத்து கொடுக்கிறது. அதுவும் பத்து வினாடி அளவுக்குத்தான். ஓய்வு நேரத்தில் அந்தக் கைமாத்துப் பெட்டி மறுபடி நிரம்பும். கிரியேட்டின் சாப்பிட்டால் பெட்டி கொஞ்சம் பெரிதாகிறது. அதனால் களைத்த பின் வரும் சுற்றுகளில் ஒன்றிரண்டு தடவை கூடத் தூக்க முடிகிறது. தசை வளர்வது அந்தக் கூடுதல் ஒன்றிரண்டு மாதக்கணக்கில் சேர்வதால். தூள் தானாகத் தசையாவதில்லை. ஜிம்முக்குப் போகாமல் குடித்தால் பெட்டி நிரம்பும், செலவழிக்க ஆள் இருக்காது.

ஒருவர் நோட்டில் இருப்பதை வைத்துச் சத்தியம் செய்ய முடியாது. அந்த மாதம் அவர் நன்றாகத் தூங்கியிருக்கலாம், தேர்வு முடிந்திருக்கலாம். ஆனால் பல பத்து வருடங்களாக நிறையப் பேரிடம் செய்த ஆய்வுகளும் இதே பக்கம் நிற்பதால் அவர் நோட்டை நம்புகிறேன். மற்ற மூன்றுக்கும் அந்தத் துணை இல்லை.

"எனக்கு எவ்வளவு நாள்ல தெரியும்?"

"உனக்கு என்னைவிட நல்லாத் தெரியும் லா. நீ கறி சாப்பிட மாட்டே."

அவர் சொன்னது சரி. தம்பி, இது உங்களுக்கும் பொருந்தும். உணவில் கிரியேட்டின் வருவது கறியிலும் மீனிலும்தான். பருப்பிலும் காய்கறியிலும் இல்லை, முட்டையிலும் பாலிலும் பெயருக்குத்தான். உடம்பு நாளைக்கு ஏறக்குறைய ஒரு கிராம் தானே செய்துகொள்கிறது. ஆனாலும் சைவம் சாப்பிடுபவரின் தசையில் இருப்பு குறைவாக இருப்பதால் ஏற்றம் அதிகம் தெரியும். தினமும் கறி மீன் சாப்பிடும் சிலருக்கு இருப்பு ஏற்கெனவே நிறைந்திருக்கும். அவர்கள் இரண்டு மாதம் குடித்தும் நோட்டில் ஒன்றும் மாறாவிட்டால் விட்டுவிடலாம்.

அளவு விஷயத்தில் நாலாம் மாடிக்காரர் முதலில் சறுக்கியிருக்கிறார். யாரோ 'லோடிங்' என்று சொல்ல, முதல் நாள் இரண்டு கரண்டி, பத்து கிராம், ஒரே மூச்சில். முக்கால் மணி நேரத்தில் கழிவறைக்கு ஓட்டம்.

"அன்னிக்கு விரிவுரையில பாதியில எழுந்து போனியே, அதுவா?"

"அதேதான். சொல்லிக் காட்டாதே."

நாளைக்கு 20 கிராமை நான்காகப் பிரித்து ஐந்தாறு நாள் சாப்பிட்டால் தசை சீக்கிரம் நிரம்பும். உண்மைதான். ஆனால் நாளைக்கு 3 கிராம் வீதம் 28 நாள் சாப்பிட்டாலும் அதே இடத்துக்குத்தான் வந்து சேருகிறது என்று 1996இலேயே ஸ்வீடன் ஆய்வாளர்கள் அளந்து காட்டிவிட்டார்கள். அடுத்த வாரம் போட்டி இல்லாதவர் அவசரப்பட வேண்டியதில்லை. உங்கள் எடைக்கு 3 கிராம் போதும். மட்டமாக வழித்த ஒரு டீஸ்பூன் ஏறக்குறைய அவ்வளவு வரும். ஒரு முறை மட்டும் விடுதிச் சமையலறைத் தராசில் நிறுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். 500 கிராம் டப்பா அந்தக் கணக்கில் ஐந்து மாதத்துக்கு மேல் வரும். நாலாம் மாடிக்காரர் அந்த டப்பாவுக்குக் கொடுத்தது 40 வெள்ளி, அதாவது நாளைக்கு 25 காசு. விலை கூடின எச்சிஎல், பஃபர்டு, எத்தில் எஸ்டர் என்றெல்லாம் வருகின்றன. எதுவும் சாதாரண மோனோஹைட்ரேட்டைவிட மேலாக இல்லை. எத்தில் எஸ்டர் தசைக்குப் போகும் முன்பே பெருமளவு கழிவாகிவிடுகிறது.

காலையா மாலையா என்பது பெரிய விஷயமில்லை, விடாமல் சாப்பிடுவதுதான் விஷயம். குளிர்ந்த தண்ணீரில் சரியாகக் கரையாது, கோப்பையின் அடியில் மணல் மாதிரி தங்கும். அதைக் கொட்டினால் காசைக் கொட்டுகிறீர்கள். வெதுவெதுப்பான மைலோவிலோ வெந்நீரிலோ போட்டு, கரைந்ததும் குடித்துவிடுங்கள். காலையில் கலக்கி வைத்து மறுநாள் குடிக்க வேண்டாம், தண்ணீரில் கிடந்தால் மெல்லச் சிதையும். இந்த ஊர் ஈரக்காற்றில் தூள் கட்டி பிடிக்கும். ஈரக் கரண்டி போடாமல் இறுக்க மூடி வைத்தால் போதும். உலர்ந்த கட்டியை உடைத்துப் பயன்படுத்தலாம்.

முதல் சில வாரங்களில் எடை ஒன்று ஒன்றரை கிலோ ஏறலாம். தசைக்குள் கிரியேட்டினோடு தண்ணீரும் போகிறது. தொப்பையும் இல்லை, தசையும் இல்லை. ஏழாம் மாடிக்காரர் இதைக் கேட்டதும், "அப்ப உன் ஐபிபிடி ஓட்டம்?" என்றார். நல்ல கேள்விதான். ஐபிபிடி என்ற தேசிய சேவை உடல்தகுதித் தேர்வின் 2.4 கிலோமீட்டர் ஓட்டத்துக்குக் கிரியேட்டின் உதவாது, கூடின எடையைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியிருக்கும். ஓட்டத்தில் விளிம்பில் தேறுகிறவர் தேர்வு முடிந்த பிறகு தொடங்கலாம்.

இப்போது அந்தத் தாள். உங்கள் அம்மாவின் பயத்துக்கு வேர் இங்கேதான் இருக்கிறது, அதனால் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

வேலைப் பயிற்சிக்குச் சேரும் முன் நாலாம் மாடிக்காரர் மருத்துவப் பரிசோதனை செய்துகொண்டார். கிரியேட்டினின் 118 மைக்ரோமோல் என்று வந்தது. அந்த ஆய்வகத்தின் மேல் வரம்பு 104. பக்கத்திலேயே இஜிஎஃப்ஆர், அதாவது சிறுநீரகம் வடிகட்டும் வேகத்தின் மதிப்பீடு, 76. இரண்டின் அருகிலும் நட்சத்திரக் குறி. பையன் இரண்டு இரவு தூங்கவில்லை.

"அன்னிக்கே சொன்னேன்ல, கிட்னின்னு," என்றார் ஏழாம் மாடிக்காரர். ஆனால் அவர் குரலிலும் பயம் இருந்தது.

கிரியேட்டின் வேறு, கிரியேட்டினின் வேறு. தசையில் இருக்கும் கிரியேட்டினில் நாளைக்கு நூற்றில் இரண்டு பங்கு அளவு தானாக உடைந்து கிரியேட்டினின் என்ற கழிவாகி, ரத்தம் வழியாகச் சிறுநீரில் போகிறது. கழிவு ரத்தத்தில் தேங்கினால் வடிகட்டி பழுது என்று மருத்துவர்கள் ஊகிக்கிறார்கள். ஆனால் தொட்டியில் மட்டம் உயர இரண்டு காரணம் இருக்கலாம்: வடிகால் அடைத்திருக்கலாம், குழாயைக் கூடத் திறந்திருக்கலாம். கிரியேட்டின் சாப்பிடுபவர் குழாயைத் திறந்தவர். இஜிஎஃப்ஆர் தனியாக அளந்த எண் இல்லை. அதே கிரியேட்டினினையும் வயதையும் ஆணா பெண்ணா என்பதையும் சூத்திரத்தில் போட்டு எடுத்த கணக்கு. முதல் எண் ஏமாற்றினால் இரண்டாவதும் கூடவே ஏமாற்றும். தாளில் இரண்டு நட்சத்திரம் இருந்தாலும் சாட்சி ஒன்றுதான்.

"அதுக்கு முந்தின நாள் என்ன செஞ்சே?" என்று நான் கேட்டேன்.

"கால் எக்சர்சைஸ், நல்லா ஏத்திட்டேன். ராத்திரி நண்பர்களோட ஆட்டிறைச்சி சாத்தே, ஒரு முப்பது குச்சி இருக்கும்."

"முப்பதா!" என்றார் சைவர்.

கடுமையான பயிற்சியும் எண்ணை ஏற்றும், வெந்த கறியில் கிரியேட்டினினே இருப்பதால் அதுவும் ஏற்றும். மூன்றும் ஒரே நாளில் சேர்ந்திருக்கின்றன. ஆனாலும் 'ஒன்றுமில்லை, போ' என்று சொல்லி அனுப்ப எனக்கு உரிமை இல்லை. அவர் கிரியேட்டின் சாப்பிடுவதைக் கிளினிக்கில் சொல்லவே இல்லை. யாரும் கேட்கவும் இல்லை. அளவு, தொடங்கிய தேதி, முந்தின நாள் பயிற்சி, சாத்தே எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்து மருத்துவரிடம் திருப்பி அனுப்பினேன். மருத்துவர் கிரியேட்டினை நான்கு வாரம் நிறுத்தச் சொன்னார். பரிசோதனைக்கு முன் இரண்டு நாள் எடை தூக்க வேண்டாம், முந்தின இரவு கறி வேண்டாம் என்றார். ரத்தத்தோடு சிறுநீரில் புரதமும் பார்த்தார். கூடவே சிஸ்டாடின் சி என்ற இன்னொரு பரிசோதனை. அது கிரியேட்டினிலிருந்து வருவதில்லை, அதனால் கிரியேட்டின் தூள் அதைக் குழப்பாது. சந்தேகம் வந்தால் கேட்டுப் பெற வேண்டியது அதுதான்.

நான்கு வாரம் கழித்து கிரியேட்டினின் 94, இஜிஎஃப்ஆர் 100. சிறுநீரில் புரதம் இல்லை, சிஸ்டாடின் சி வரம்புக்குள். மருத்துவர் சரி என்றதும் மறுபடி 3 கிராமில் தொடங்கினார்.

வேறு மாதிரியும் ஆகியிருக்கலாம். நிறுத்திய பிறகும் எண் இறங்காமல் ஏறினால், சிறுநீரில் புரதம் இருந்தால், சிஸ்டாடின் சியும் சேர்ந்து கெட்டிருந்தால் அது தூளின் விளையாட்டு இல்லை. அப்போது கிரியேட்டினை மறந்துவிட்டுச் சிறுநீரக மருத்துவரைத்தான் பார்க்க வேண்டும். இன்னொன்று: புதிதாகக் கடும் பயிற்சி செய்த பிறகு உடம்பு தாங்க முடியாமல் வலித்து, சிறுநீர் பால் சேர்க்காத கோப்பி-ஓ நிறத்தில் போனால் தசை சிதைகிறது என்று அர்த்தம். அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போங்கள், மறுநாள் வரை காத்திருக்காதீர்கள்.

நல்ல சிறுநீரகம் உள்ளவர்களுக்குச் சொன்ன அளவில் கிரியேட்டின் கெடுதல் செய்ததாக ஆய்வுகளில் காணவில்லை. ஏற்கெனவே சிறுநீரக நோய் இருந்தால், ஒரே சிறுநீரகம் இருந்தால், வீட்டில் பரம்பரையாகச் சிறுநீரகக் கோளாறு இருந்தால், வலி மாத்திரை தினமும் விழுங்கும் பழக்கம் இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் தொடாதீர்கள். உங்களுக்கு இதில் எதுவும் இல்லையென்றாலும், டப்பாவைத் திறக்கும் முன் பல்கலைக்கழக மருந்தகத்திலோ பக்கத்துப் பலதுறை மருந்தகத்திலோ கிரியேட்டினினை ஒரு முறை பார்த்து அந்தத் தாளைப் பத்திரமாக வையுங்கள். நாலாம் மாடிக்காரரிடம் அந்தப் பழைய எண் இருந்திருந்தால் இரண்டு இரவு தூக்கம் போயிருக்காது. அதன் படத்தை அம்மாவுக்கு அனுப்பி, 'மூன்று மாதம் கழித்து மறுபடி எடுத்துக் காட்டுகிறேன்' என்று சொல்லிப் பாருங்கள். நீளமாக வாதாடுவதைவிட அது எடுபடும்.

உங்கள் 50 வெள்ளிக்கு வருவோம். முதல் மாதம் டப்பா ஒன்று, அதோடு கிரியேட்டின் செலவு ஐந்து மாதத்துக்கு முடிந்தது. மிச்சத்தையும் அடுத்த மாதங்களின் 50 வெள்ளியையும் சாப்பாட்டில் போடுங்கள். எடை தூக்குகிற உங்களுக்கு நாளைக்கு 100 கிராம் அளவு புரதம் வேண்டும். காப்பிக்கடையில் சைவச் சோறு வாங்கினால் தட்டில் முட்டைக்கோசும் கத்தரிக்காயும்தான் நிறைந்திருக்கும், புரதம் 15 கிராம் தேறினால் அதிசயம். அதே தட்டில் தாவ் குவா என்ற கெட்டிச் சோயாக் கட்டி இரண்டு துண்டு சேர்த்துக் கேளுங்கள். விடுதி அறையில் மூன்று முட்டை அவித்தால் 18 கிராம். இரவில் கெட்டியான பருப்பு, ஒரு கோப்பை பால். இவ்வளவும் சேர்ந்தும் எட்டாவிட்டால் மட்டும் ஒரு கரண்டி வே புரோட்டீன்.

எழுந்து போகும்போது ஏழாம் மாடிக்காரர் அந்தப் பையில் கைவிட்டுக் காலியான குளூட்டமைன் டப்பாவை எடுத்துக்கொண்டார். "நல்ல மூடி மச்சான், காத்துப் போகாது. துவரம்பருப்பு போட்டு வைக்கலாம்."

"நாப்பது வெள்ளி டப்பா லா அது. பத்திரமா வச்சுக்கோ."